இரண்டு தனித்த கொசைன்களின் கூட்டல்: அடிப்படைக் காலம் 40/3 என வருகிறதே?

கேள்வி: x[n] = cos(3πn/4) + cos(3πn/5) காலமுறையானதா, ஆம் எனில் அதன் அடிப்படைக் காலம் என்ன என்பதே கணக்கு. 2π-ஐ ஒவ்வொரு கோண அதிர்வெண்ணாலும் வகுத்ததில் 8/3, 10/3 கிடைத்தன. அவற்றின் மீச்சிறு பொது மடங்கு 40/3. ஆனால் n முழு எண்ணாக மட்டுமே இருக்க முடியும். ஆகவே இது காலமுறையற்றது என எழுதிவிடலாமா?

பதில் 1: கூடாது, இது காலமுறையானதுதான். முதல் உறுப்பு 8 மாதிரிகளிலும் அடுத்தது 10 மாதிரிகளிலும் திரும்புகின்றன. பெருக்கினால் 80, அதுவே விடை.

பதில் 2: 80-க்குப் பிறகு சமிக்ஞை திரும்புவது உண்மைதான், ஆனால் அதற்கு முன்பே ஒருமுறை திரும்பிவிடுகிறது. கேட்டவர் கண்ட 40/3 என்பது n தொடர்ச்சியாக மாறும்போது பொருந்தும் காலம். இங்கே முதலில் ஒவ்வோர் அதிர்வெண்ணையும் 2π-ஆல் வகுத்துச் சுருக்க வேண்டும்: 3/8, 3/10. பகுதிகளான 8, 10 ஆகியவையே தனித்தனிக் காலங்கள்; அவற்றின் மீச்சிறு பொது மடங்கு 40.

இதைவிடச் சிறிய காலம் இருந்தால் அது 40-ஐ வகுக்க வேண்டும். அப்படியானால் 20 அல்லது 8 ஒரு காலமாக இருந்தே தீரும். x[0] = 2. ஆனால் x[20] = cos 15π + cos 12π = 0, x[8] = 1 + cos(24π/5) ≈ 0.19. இரண்டுமே பொருந்தாததால் விடை 40.

பதில் 3: எனக்கும் இதே சிக்கல்தான். cos(0.3n)-ஐ வரைந்தால் 21 மாதிரிகளில் திரும்புகிறது. அதை உங்கள் சமிக்ஞையோடு கூட்டினால் காலம் 840 ஆகுமா?

பதில் 2: ஆகாது, வரைபடம் உங்களை ஏமாற்றுகிறது. 21-ஆம் மாதிரியின் மதிப்பு 1 அல்ல, 0.99986, 210-ஆம் மாதிரியில் 0.986 ஆகக் குறைந்திருக்கும். 0.3/2π விகிதமுறு எண் அல்லாததால் அந்த உறுப்பு ஒருபோதும் சரியாகத் திரும்பாது; காலமுறையான சமிக்ஞையோடு கூட்டினாலும் கூட்டல் காலமுறையாகாது.

கேட்டவர்: நன்றி ஐயா, என் பிழை புரிந்தது. அப்படியானால் எப்போதும் மீச்சிறு பொது மடங்கே விடை எனக் கொள்ளலாமா?

பதில் 2: இரு அதிர்வெண்களும் உண்மையிலேயே வெவ்வேறாக இருந்தால் கொள்ளலாம். cos(3πn/4) − cos(5πn/4)-ஐப் பாருங்கள். 5π/4 என்பது 2π − 3π/4 என்பதால், எல்லா முழு எண்களிலும் இரண்டும் ஒரே அலை; கழித்தால் சுழியம்தான் மிஞ்சும். மீச்சிறு பொது மடங்கோ 8 என்று சொல்லும்! எனவே அதிர்வெண்களை முதலில் 0 முதல் π வரையான எல்லைக்குள் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

பதில் 3: எனக்குத் தரப்பட்ட 0.3 துல்லியமான மதிப்பா, 2π/21 ≈ 0.2992 என்பதை வட்டமாக்கியதா எனத் தெரியவில்லை. இரண்டாவது எனில் 840 சரியாகிவிடும் அல்லவா?

பதில் 2: ஆம், சரியாகிவிடும். ஆனால் எது உண்மை என்பதை மாதிரிகளின் வரைபடத்தைப் பார்த்து முடிவுசெய்ய இயலாது. அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.