வயிற்றை எக்குவதா, வரிந்து நிற்பதா? பிரேசிங்குக்கு ஒரு சொல் வேண்டும்

செல்வி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் உடற்பயிற்சிக்கூடத்துக்கு வரும் நடுவயதுக்காரர்களுக்காக இரண்டு பக்கத் தாள் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கி வயிற்றை மடக்கும் கிரஞ்சஸ் தினம் நூறு போட்டால் தொப்பையும் கரையும், முதுகுவலியும் போகும் என்று நம்பி வருகிறார்கள். அதை நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் இழுக்கும் ரப்பர் பேண்டை நெஞ்சுக்கு நேரே நீட்டிப் பிடிக்கும் பேலாஃப் பிரஸ், ஒரு கையில் எடையோடு நடப்பது போன்றவற்றுக்கு அவர்களை மாற்ற வேண்டும். வயிற்றைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்கிப் பிடிக்கும் பிரேசிங், உடம்பு திரும்பாமல் தடுக்கும் ஆன்டி ரொட்டேஷன், எடை சுமந்து நடக்கும் கேரி என்ற மூன்று சொற்களுக்குத் தமிழ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதல் சொல்லுக்கு 'வயிற்றை இறுக்குங்கள்' என்று எழுதி ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். நாலு பேர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஐந்தாமவர் மூச்சையே நிறுத்திவிட்டார். இரண்டாவதுக்கு 'எதிர்ச்சுழற்சி' போட்டிருக்கிறேன், சரிதானே?

ராகவன்:

அம்மா, இதற்கு ஏன் புதுச்சொல்? மூட்டை தூக்குகிறவரைக் கேளுங்கள், 'தம் கட்டித் தூக்கு' என்பார். மக்கள் வாயில் இருக்கும் சொல். 'தம் கட்டல்' என்றே வைத்துவிடலாம்.

நசீமா:

ராகவன் ஐயா சொல்வதில் பாதி சரி. நான் பிசியோவாக இருப்பதால் மீதிப் பாதியை மட்டும் சொல்கிறேன். நூறு கிலோவைத் தரையிலிருந்து ஒரே ஒரு முறை தூக்குகிறவர் மூச்சைப் பிடித்துத்தான் தூக்குவார். அங்கே தம் கட்டல் பொருந்தும். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல்லோடு இருபது மீட்டர் நடக்கிறவர் தம் கட்டினால் பாதி வழியில் முகம் சிவந்துவிடும். ரத்தக்கொதிப்பு இருப்பவருக்கு அது ஆகாது. பிரேசிங்கில் தசை இறுகியிருக்கும், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். சொல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

செல்வி, உங்கள் நாலு பேர் செய்ததற்குத் தமிழில் ஏற்கெனவே அருமையான சொல் இருக்கிறது: எக்குதல். பேன்ட் பட்டன் போட வயிற்றை எக்குகிறோமே, அதுதான். வயிற்றின் ஆழத்தில் உள்ள தசையைத் தனியாக உள்ளிழுக்கச் சொல்லும் அந்த முறையை என் படிப்புக் காலத்தில் நிறையவே கற்பித்தார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் இதற்கு மாறாகச் சொன்னார். எக்கினால் வயிற்றுச்சுவர் முதுகெலும்பை நெருங்கிவிடும். கூடாரத்தின் கயிறுகளைக் கம்பத்துக்கு அருகிலேயே முளையடித்துக் கட்டியது போலத்தான், கம்பம் ஆடும். கயிறுகள் அகலமாக நிற்க வேண்டும், சுற்றிலும் ஒரே அளவு இறுக வேண்டும். அதுதான் பிரேசிங்.

நான் நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது இப்படி. விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே பக்கவாட்டில் விரல்களை அழுத்தி வைத்துக்கொண்டு லேசாக இருமச் சொல்வேன். விரலை வெளியே தள்ளுகிறதே, அந்த இறுக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து பத்து வரை சத்தமாக எண்ண வேண்டும். குரல் நசுங்கினால் இறுக்கம் அதிகம். விரலுக்கடியில் தளர்ந்தால் போதவில்லை.

'எதிர்ச்சுழற்சி' வேண்டவே வேண்டாம். கடிகாரமுள்ளுக்கு எதிராகச் சுழல்வது என்றுதான் படிப்பவர் நினைப்பார், நின்ற இடத்தில் உடம்பைத் திருப்ப ஆரம்பித்துவிடுவார். இங்கே சுழற்சியே கிடையாது. பக்கத்திலிருந்து ரப்பர் பேண்ட் இழுக்கிறது, நாம் திரும்ப மறுக்கிறோம். 'திருகாமை' என்று பாருங்கள்.

அந்தோணி:

பிரேஸுக்கு எங்கள் ஊர் மருந்துக்கடையில் 'இடுப்புக் கச்சை' என்றே கேட்டு வாங்குகிறோம். எனக்கும் டிஸ்க் பிரச்சினை, ஆறு மாதமாகப் போடுகிறேன். நடக்கும்போது மட்டும் போட்டால் போதுமா, தூங்கும்போதும் வேண்டுமா?

நசீமா:

அந்தோணி அண்ணா, இது கச்சையைப் பற்றிய பேச்சு இல்லை, சொந்தத் தசையையே கச்சையாக்குவது பற்றியது. உங்கள் கேள்வியை உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள், ஆறு மாதம் நீளம்தான். ஆனால் நல்ல எச்சரிக்கை கொடுத்தீர்கள். 'கச்சை' என்ற சொல்லை நானே பரிந்துரைக்க இருந்தேன். வைத்தால் பெல்ட் வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

ராகவன்:

சரி, தம் கட்டலைத் திரும்பப் பெறுகிறேன். கச்சை கூடாது, கச்சை கட்டும் செயல் மட்டும் வேண்டும் என்றால் 'வரிதல்' இருக்கிறதே. வேலையில் இறங்குமுன் வரிந்து கட்டிக்கொண்டு நிற்பதில்லையா? வரிதல் என்றாலே சுற்றிக் கட்டுதல். சுற்றிலும் இறுக்குவது என்ற பொருள் அதிலேயே கிடக்கிறது, உள்ளிழுப்பது அதில் இல்லை. பெயர்ச்சொல் 'வரிவு'. ஏவல் 'வரிந்து நில்'.

தர்சன் (யாழ்ப்பாணம்):

வரிவு வடிவாயிருக்கு. கேரிக்கு நாங்கள் 'காவுதல்' எண்டுதான் சொல்லுவம். தண்ணி காவுறது, மூட்டை காவுறது. 'காவுநடை' எண்டு வைக்கலாமே? என்ர அம்மம்மா கிணத்திலயிருந்து குடத்தை இடுப்பில வச்சுக் காவினவா, ஒரு நாளும் முதுகு நொந்ததில்லை. அதுவும் இதே பயிற்சிதானே?

செல்வி:

தர்சன் தம்பி, சொல் அழகு. ஆனால் இங்கே 'காவு' என்றால் கோயிலில் பலி கொடுப்பது. கூடத்துக்கு வருபவரைக் காவுநடைக்குக் கூப்பிட்டால் அடுத்த மாதம் சந்தா கட்ட மாட்டார்! 'சுமைநடை' என்று வைத்துக்கொள்கிறேன். ஒருகைச் சுமைநடை, இருகைச் சுமைநடை.

குடம் வேறு கணக்கு என்று நினைக்கிறேன். இடுப்பெலும்பே குடத்தைத் தாங்குகிறது, நாமும் எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்கிறோம். ஒருகைச் சுமைநடையில் அந்தச் சாய்வைத்தான் தடுக்கிறோம். எடை உடம்பைத் தொடாமல் தொங்க வேண்டும்.

நேற்று ஒருவரிடம் 'வரிந்து நில்லுங்க' என்று சொல்லிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயது, இரண்டு வருடமாக தினம் கிரஞ்சஸ் போடுகிறவர், ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். வலது கையில் பன்னிரண்டு கிலோ கொடுத்தேன். ஆறாவது அடியிலேயே இடப்பக்கம் சாய்ந்தார், அடிகள் குறுகி வேகமாகின. எட்டு கிலோவாகக் குறைத்து, சுவரில் தோள் உயரத்துக்கு ஒட்டிய டேப்பைப் பார்த்துக்கொண்டு தன் பேரனின் பெயரைச் சொல்லியபடியே நடக்கச் சொன்னேன். இருபது மீட்டர் நேராக வந்தார். இடது கையில் பதினைந்தாவது மீட்டரில் பேச்சு நின்றது. அங்கேயே கீழே வைக்கச் சொல்லிவிட்டேன். வயிற்றை அவர் எக்கவில்லை. சொல் வேலை செய்கிறது!

தாளில் 'கிரஞ்சஸ் முதுகை உடைக்கும்' என்று எழுதலாமா?

நசீமா:

எழுத வேண்டாம். அழுத்தத்தோடு ஆயிரக்கணக்கான முறை வளைத்தால் டிஸ்க் பிதுங்கும் என்று காட்டியது பன்றிகளின் முதுகெலும்புத் துண்டுகளில். செத்த திசு தன்னைச் சரிசெய்துகொள்ளாது, உயிருள்ள முதுகு செய்துகொள்ளும். குனிந்தால் வலிக்கும் இவருக்கு கிரஞ்சஸ் ஆகாது, அவ்வளவுதான் சொல்லலாம். மெக்கில் தாமே ஒரு கர்ல்-அப் வைத்திருக்கிறார், இடுப்பு வளையாமல் தலையையும் தோளையும் மட்டும் கொஞ்சம் தூக்குவது.

இன்னொன்று. இருகைச் சுமைநடை கடினம், ஒருகை சுலபம் என்று தாளில் வரிசைப்படுத்திவிடாதீர்கள். மெக்கில் குழு அளந்தபோது, ஒரு கையில் முப்பது கிலோ சுமந்தால் கீழ்முதுகில் ஏறும் அழுத்தம், இரு கையிலும் முப்பது முப்பதாக அறுபது கிலோ சுமந்ததைவிட அதிகமாக இருந்தது.

ராகவன்:

வரிவு, சுமைநடை சரி. 'திருகாமை' எனக்கு ஒட்டவில்லை. குழாய் திருகாமல் விட்டதுபோல இருக்கிறது. 'முறுகாமை'?

அந்தோணி:

முறுகாமை என்றால் தோசை நினைவுக்கு வருகிறது, ஐயா. அதோடு 'வரிவு' என்றதும் என் மனைவி என்ன வரி கட்ட வேண்டும் என்று கேட்டாள்.

செல்வி:

தாளை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பேலாஃப் பக்கத்தில் இப்போதைக்குச் சொல்லே போடாமல், 'பேண்ட் இழுக்கும், நீங்கள் திரும்பாதீர்கள்' என்று எழுதிவைக்கிறேன். அதற்குள் யாருக்காவது நல்ல சொல் கிடைத்தால் அனுப்புங்கள்.