‘எழுத்து மாதிரி’ சரியான சொல்லா?

செந்தில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் மென்பொருள் கையேடு எழுத ஆள் எடுக்கிறோம். அறிவிப்பில் மூன்று கேட்டிருந்தோம்: ஒருமுறை எழுதிய பகுதியைப் பல ஆவணங்களில் பயன்படுத்தும் டிட்டா முறையில் எழுதிய பழக்கம், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச உதவும் ஏ.பி.ஐ. பற்றிய அறிவு, முன்பு எழுதிய இரண்டு ஆவணங்கள். மூன்றாவதற்கு ‘எழுத்து மாதிரி’ என்று போட்டேன். ஒருவர் வெள்ளைத் தாளில் மூன்று முறை கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார். வங்கியில் அப்படித்தானே கேட்கிறார்கள்! வேறு சொல் வேண்டும்.

புலவர் ஐயா எழுதியது:

தம்பி, பிழை ‘எழுத்து’ என்பதில் மட்டும் இல்லை, ‘மாதிரி’யிலும் இருக்கிறது. மாதிரி வினாத்தாள் உண்மையான வினாத்தாள் அன்று. பார்த்துப் பழகுவதற்காகத் தனியே செய்தது. நீங்கள் கேட்பது பானையிலிருந்து எடுத்த ஒரு சோறு. ‘பதச்சோறு’ என்று நம்மிடம் சொல் இருக்கிறதே. ‘எழுத்துப்பதம்’ என்று வைக்கலாம்.

நிவேதா எழுதியது:

பதம் என்றால் இப்போது எல்லாரும் ‘வார்த்தை’ என்றுதான் நினைப்பார்கள், ஐயா. இன்னொன்று, பானையிலிருந்து எடுத்துத் தர எல்லாராலும் முடியாது. நான் ஆறு ஆண்டுகள் எழுதியது அத்தனையும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்துக்குள் இருந்தது. ஒரு நிறுவனம், ‘மாதிரி இல்லையென்றால் நேர்காணலும் இல்லை’ என்று கதவைச் சாத்திவிட்டது.

கார்த்திக் எழுதியது:

சொல் எதுவாகவும் இருக்கட்டும். வந்தது உண்மையானதா என்று கண்டுபிடிப்பது எளிது. பி.டி.எஃப். கோப்பின் பண்புகளில் `Creator` என்ன என்று பாருங்கள். டிட்டா தெரியும் என்று சொன்னவரின் கோப்பில் `Microsoft Word` என்று இருந்தால் பொய் சொல்கிறார். ஒதுக்கிவிடலாம்.

மலர்விழி எழுதியது:

கார்த்திக், பாதிதான் சரி. டிட்டா திறந்த கருவித்தொகுப்பில் உருவான பி.டி.எஃப்.-இல் பெரும்பாலும் `Apache FOP` என்ற மென்பொருளின் பெயர் இருக்கும் என்பது உண்மை. ஆனால் நிவேதாவைப் போன்றவர் என்ன செய்வார்? பழைய வேலையின் பெயர்களையும் படங்களையும் நீக்கிவிட்டு, வீட்டில் வேர்டில் புதிதாக எழுதித் தருவார். அதனால் அந்த வரி ஒரு கேள்வியை எழுப்பலாம், தீர்ப்பு சொல்லக் கூடாது.

நான் கேட்பது இது: “ஒரே எச்சரிக்கை நாற்பது பக்கங்களில் வருகிறது. அதை மாற்ற வேண்டும். என்ன செய்வீர்கள்?” ‘தேடி மாற்றுவேன்’ என்றால் கருவியின் பெயர் மட்டும்தான் தெரியும். உண்மையில் டிட்டாவில் உழன்றவர், எச்சரிக்கையை ஒரே இடத்தில் வைத்து இப்படி இழுப்பதைப் பற்றிப் பேசுவார்:

```xml
<note conref="common.dita#common/power-off"/>
```

அதோடு, அந்தப் பொதுக் கோப்பில் யாரோ `id`-ஐ மாற்றியதால் எச்சரிக்கையே காணாமல் போன கதையும் அவரிடம் இருக்கும். அந்தக் கதைக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

துறை அறிவை எழுத்திலேயே பார்க்கலாம். சென்ற மாதம் ஒரு விண்ணப்பம் வந்தது. தன்விவரத்தில் ‘ஏ.பி.ஐ. ஆவணங்களில் நான்கு ஆண்டு’ என்று இருந்தது. இணைத்த ஆவணத்தில் மொழி பளிங்குபோல் இருந்தது. பிழைக் குறியீடுகளின் அட்டவணைக்கு வந்தேன். `401`, `403` இரண்டுக்கும் ‘அனுமதி இல்லை’ என்றே எழுதியிருந்தார். `401` என்றால் நீங்கள் யார் என்பதே உறுதியாகவில்லை. அடையாளம் காட்டும் டோக்கனைப் புதிதாக வாங்கிக்கொண்டு மீண்டும் முயலலாம். `403` என்றால் ஆள் தெரிந்துவிட்டது, உரிமைதான் இல்லை. அதே கணக்கில் எத்தனை டோக்கன் மாற்றினாலும் கதவு திறக்காது. படிப்பவர் அடுத்து என்ன செய்வது என்பது இந்த வேறுபாட்டில் இருக்கிறது. பொறியாளர் கொடுத்த அட்டவணையை அப்படியே மெருகேற்றியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. ஆனாலும் நேர்காணலுக்கு அழைத்தேன். கேட்டதும், அட்டவணை தன்னுடையதல்ல, முதல் பகுதி மட்டுமே தான் எழுதியது என்றார். அதை அவர் முன்பே எழுதியிருக்கலாம். எங்கள் படிவமும் அதைக் கேட்டிருக்கலாம்.

செந்தில் எழுதியது:

அக்கா, அப்படியென்றால் படிவத்தில் ‘இதில் உங்கள் பங்கு என்ன?’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். ரகசியக் காப்பில் இருப்பவர்கள் புதிதாக எழுதித் தரலாம் என்றும் போடுகிறேன். சொல்லுக்கு ‘பணிச் சான்று’ எப்படி?

நிவேதா எழுதியது:

வேண்டாம். எல்லாரும் பழைய நிறுவனத்தின் அனுபவச் சான்றிதழை அனுப்புவார்கள். ‘ஆக்கச் சான்று’?

புலவர் ஐயா எழுதியது:

ஆக்கம் நல்ல சொல். ஆனால் வீட்டில் புதிதாக எழுதித் தந்தது எப்படிச் சான்றாகும்? அது மாதிரிதான். இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும்போல் இருக்கிறதே.

மலர்விழி எழுதியது:

ஐயா சொல்வது சரி. ஆனால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். நான் ‘ஆக்கச் சான்று’ பக்கம்.

கார்த்திக் எழுதியது:

நான் ‘முன்பு எழுதிய ஆவணங்கள்’ பக்கம். செந்தில் முதல் மடலில் தானே அப்படித்தான் எழுதியிருக்கிறார். நமக்கு எல்லாருக்கும் புரிந்ததே!