'அரிப்பு ஏற்படுத்தும்' சரியில்லை, வேறு சொல் சொல்லுங்கள்

மலர்விழி:
எங்கள் அடுக்ககத்தில் கழிவறை கழுவும் அக்காக்களுக்காக ஸ்டோர் ரூம் சுவரில் ஒட்ட ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாட்டில் லேபிளில் சிவப்பு ஓரம் போட்ட கட்டத்துக்குள் வரும் படங்களுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். இரண்டு குழாயிலிருந்து சொட்டு விழுந்து ஒரு பக்கம் உலோகமும் மறுபக்கம் கையும் கரைகிற படம் இருக்கிறதே, அதற்கு 'அரிப்பு ஏற்படுத்தும்' என்று போட்டிருந்தேன். வாசித்துக் காட்டியதும் ஓர் அக்கா, "அரிச்சா தேங்கா எண்ணெ தடவிக்கிறோம்மா" என்றார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சிவகுமார்:
பாடநூலில் 'அரிமானம்' இருக்கிறதே, அதையே போடுங்கள். இல்லாவிட்டால் நேராக 'ஆசிட் குறி' என்று எழுதிவிடலாம், எப்படியும் அந்தப் படம் ஆசிட் பாட்டிலில்தானே வருகிறது.

பரமசிவம்:
தம்பி, பாதி சரி. நான் சோப்பு, கிளீனர் தயாரிப்பில் இருபது வருடம் இருந்தவன். கழிவறை கிளீனரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பத்து சதவீதம் போல இருக்கும், அதில் இந்தப் படம் வரும். சாக்கடை அடைப்பு நீக்கும் பவுடரில் இருப்பது பெரும்பாலும் காஸ்டிக் சோடா, அது அமிலத்துக்கு நேர் எதிர், அதிலும் இதே படம்தான். 'ஆசிட் குறி' என்று எழுதினால் இரண்டும் ஒரே சாமான் என்று நினைத்து ஒரே கோப்பையில் கொட்டுவார்கள். சூடாகிக் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

அந்தப் படம் சொல்வது, பட்டால் ஆறாத கேடு, அவ்வளவுதான். தோல் வெந்து தழும்பாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கையை ஒன்றும் செய்யாத சில திரவங்களுக்கும் கண்ணுக்காக மட்டுமே அதே படம் போடுவதுண்டு. ஆச்சரியக்குறிப் படம் வேறு, எரிச்சல் வரும், கழுவினால் சில நாளில் சரியாகும். மலர்விழி எழுதிய 'அரிப்பு' அந்த இரண்டாவதுக்கு அருகில் போய் நிற்கிறது, சிக்கலே அதுதான்.

ரமணி:
இடையில் ஒரு சந்தேகம். என் வீட்டுக் குளியலறை பளிங்குத் தரையில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. எந்தப் படம் போட்ட பாட்டிலை வாங்குவது?

பரமசிவம்:
ரமணிம்மா, படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். படம் எப்படிப் பிடிப்பது, கையுறை வேண்டுமா என்று சொல்லும். எந்தக் கறை போகும் என்று சொல்லாது. அதற்குப் பின்பக்கம் பொடி எழுத்தில் சதவீதத்தோடு இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும். உப்புக் கறை சுண்ணாம்பு, அமிலத்தில் கரையும், குழாயடி டைல்ஸில் என்றால் அமிலக் கிளீனர் சரி. ஆனால் பளிங்கும் சுண்ணாம்புதான்! கறையோடு தரையும் கரைந்து மினுமினுப்பு போய்விடும். டைல்ஸ் இடுக்கில் கறுப்புப் பூஞ்சை என்றால் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று எழுதிய பிளீச் பாட்டில், அது உப்பை ஒன்றும் செய்யாது.

தமிழ்ச்செல்வன்:
அந்த இரண்டையும் ஒன்றாக ஊற்றியவன் நான்தான். முதலில் பிளீச், அது நுரைக்கவில்லையே என்று மேலே கழிவறை கிளீனர். கதவு சாத்தியிருந்தது. நீச்சல்குளம் மாதிரி ஒரு நெடி பத்து மடங்காக மூக்கில் ஏறி, நெஞ்சு அடைத்து வெளியே ஓடி வந்தேன். குளோரின் வாயு என்று அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு லேபிளிலும் வேறு பொருட்களோடு கலக்காதே என்று எழுதித்தான் இருந்தது, யார் படித்தார்கள். சரி, அந்தப் பொடி எழுத்துச் சமாச்சாரத்துக்கு 'வேலைச் சரக்கு' என்று சொல் வைக்கலாமா? மற்றதெல்லாம் தண்ணீரும் வாசனையும் நிறமும், வேலை செய்வது அந்த ஒன்றுதான்.

சிவகுமார்:
'செயல்படு பொருள்' இன்னும் கௌரவமாக இருக்கும்.

மலர்விழி:
கௌரவம் எனக்கு வேண்டாம், சிவா. 'வேலைச் சரக்கு' என்றால் அக்காக்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அமுதா:
யாழ்ப்பாணத்திலிருந்து. எங்களுக்கு உடம்பு 'கடிக்கும்', அரிக்காது. அதனால் 'அரிக்கும்' என்றால் கறையான் அரிப்பது, துரு அரிப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும், எனக்கு அதில் குழப்பமே இல்லை. உங்கட பக்கத்துக்காகச் சொல்லை மாற்றினால் எங்களுக்கு ஏன் மாறுது என்று விளங்காது.

பரமசிவம்:
நல்ல தகவல், அம்மா. தமிழ்நாட்டுக்கு நான் 'பொசுக்கும்' என்பேன், தோலுக்கும் கண்ணுக்கும் பொருந்தும். இரும்பு பொசுங்காது என்பது உண்மை. படத்தில் உலோகமும் இருக்கிறது.

மலர்விழி:
அந்தத் தாளில் உலோகத்தால் எனக்கு ஆவது ஒன்றுமில்லை, இரும்பு வாளி மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டது. இப்போதைக்குப் படத்துக்குக் கீழே 'பொசுக்கும் – தோல், கண்' என்றும், ஆச்சரியக்குறிக்கு 'எரியும்' என்றும் எழுதி நாளை காலை வாசித்துக் காட்டுகிறேன். அக்கா என்ன சொல்கிறார் என்று எழுதுகிறேன்.

சிவகுமார்:
'எரியும்' என்றால் தீப்பிடிக்கும் என்று நினைப்பார்களே? தீக்கு வேறு படம் இருக்கிறது.

மலர்விழி:
ஐயோ.