பைலைன், நிஷ்: பயிற்சிக் கையேட்டுக்குத் தமிழ்ச்சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். தன்னுரிமை இதழாளர்களுக்கான கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். முன்பின் அறியாத ஆசிரியரிடம் கட்டுரை எழுத வாய்ப்புக் கேட்பவர், தம் பெயரில் வெளிவந்த இரண்டு மூன்று கட்டுரைகளையும், தாம் தொடர்ந்து எழுதிவரும் குறுகிய பொருளையும் மடலின் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்கிறது ஓர் இயல். கட்டுரையில் எழுதியவர் பெயரைக் காட்டும் பைலைனுக்குப் 'பெயர்வரி' என்றும், அந்தக் குறுகிய பொருளான நிஷ்ஷுக்குத் 'தனித்துறை' என்றும் இட்டிருக்கிறேன். பொருந்துமா?

தமிழாசிரியர்:
நன்னூல் சிறப்புப்பாயிர இலக்கணத்தை 'ஆக்கியோன் பெயரே' என்றுதான் தொடங்குகிறது, பைலைனுக்கு அதையே ஆளலாம். பெயர் கிடைக்காத குறுந்தொகைப் புலவரை அவர் பாட்டின் தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அழைத்த மரபு நம்முடையது. 'தனி' என்ற அடையும் மிகை. புறத்திணையில் திணை பெரும்பிரிவு, துறை அதன் உட்பிரிவு. ஆகவே 'துறை' என்றாலே குறுகிய பொருள்தான்.

நாளிதழ்த் துணையாசிரியர்:
ஐயா சொல்லும் துறை இலக்கணத்தில் சரி. ஆனால் இன்றைய மாணவர் துறை என்றதும் சுற்றுச்சூழல், பொருளாதாரம் என்று பெரும்பரப்பையே நினைப்பார். 'சுற்றுச்சூழல் பற்றி எழுதுகிறேன்' என்று வரும் மடலைக் கொண்டு அவரை எதற்கு அழைப்பது என்று ஆசிரியருக்குத் தெரியாது. 'எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் கழிவும் மீன்பிடியும்' என்றால் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெய் பரவியபோது, அக்கழிமுகம் பற்றி முன்பே தம் பெயரில் எழுதியிருந்தவர், எந்தக் குப்பத்தில் யாரிடம் பேசப் போகிறார், என்ன புதிதாகத் தெரியவரும், எப்போது தருவார் என்று ஒரு பத்தி அனுப்பினாலே ஆசிரியர் நம்பிக் கேட்டிருப்பார். இந்த அளவு குறுகலைச் சொல்லக் 'குறுங்களம்' பொருந்தும். பெயர்வரி நன்று, 'அவருக்கு மூன்று பெயர்வரிகள் உள்ளன' என்றும் எழுத முடிகிறது. 'ஆக்கியோன் பெயர்' அந்த வாக்கியத்தில் நிற்காது.

முன்னாள் நிருபர்:
நான் பல ஆண்டுகள் எழுதிய செய்திகள் எல்லாம் 'நமது நிருபர்' என்றே வந்தன. பெயர்வரி இல்லாதவருக்கு இனி வாய்ப்பே இல்லை என்கிறீர்களா?

நாளிதழ்த் துணையாசிரியர்:
அப்படி இல்லை, அண்ணா. தி எகானமிஸ்ட் இதழே பெரும்பாலும் பெயரின்றித்தான் வெளியிடுகிறது. எந்தெந்தச் செய்தி உங்களுடையது என்று அப்போதைய செய்தியாசிரியரிடம் எழுத்தில் வாங்கி, பக்கங்களின் படிகளோடு சேர்த்து அனுப்புங்கள். இணைய இணைப்பை மட்டும் நம்ப வேண்டாம். தளம் மாறினால் கட்டுரை காணாமற்போகும்.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. பெயர்வரி, குறுங்களம் என்றே அனுப்புகிறேன். கமிஷன் என்பதைத் தரகுப் பணம் என்று படித்துவிடுவார்கள் என்பதால், 'ஆசிரியர் கேட்டு எழுதுவிக்கும் கட்டுரை' என்று விரித்தே எழுதிவிட்டேன்.

தமிழாசிரியர்:
களம் என்றால் நெற்களமும் போர்க்களமுமே என் நினைவுக்கு வருகின்றன. வழங்கிவரும் துறையைக் கைவிட்டது தவறு என்ற என் மறுப்பைப் பதிந்து கொள்ளுங்கள்; கலைச்சொல் பட்டியலிலாவது அதை மாற்றுச்சொல்லாகச் சேர்க்க வேண்டுகிறேன்.