[கலைச்சொல்] S = I + NX: சமன்பாடா, முற்றொருமையா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நண்பர்களே, பொருளியல் பாடநூல் ஒன்றின் திறந்த பொருளாதார அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைக்குள் தந்தாக வேண்டும். சிக்கல் இந்த இரண்டு வரிகளில்தான்:

```
S = (Y - T - C) + (T - G)
S = I + NX
```

Y வருமானம், T வரி, C நுகர்வு, G அரசுச் செலவு. S-க்குத் தேசிய சேமிப்பு, I-க்கு முதலீடு, NX-க்கு நிகர ஏற்றுமதி ஆகிய சொற்கள் சரி. ஆனால் இரண்டாம் வரியை என்னவென்று அழைப்பது? "சமன்பாடு" என்று எழுதினேன். வரைவைப் படித்த மாணவி, "அரசின் பற்றாக்குறை கூடினால் நிகர ஏற்றுமதி அதே அளவு குறையும் என்று இது நிரூபிக்கிறது, இல்லையா?" என்று கேட்டாள். அதனால்தான் இங்கே வந்தேன்.

இதழாளர்:

மாணவி சொன்னது சரிதானே? அரசு 100 கடன் வாங்கினால் வெளி வணிகத்தில் 100 குறையும். "இரட்டைப் பற்றாக்குறை" என்று செய்தித்தாளில் எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம். சமன்பாடு என்பதே எல்லாருக்கும் புரியும், அப்படியே விடுங்கள்.

பொருளியல் பேராசிரியர்:

தம்பி, அந்த இடத்தில்தான் சறுக்குகிறோம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வருமானம் 1000, நுகர்வு 600, வரி 200, அரசுச் செலவு 200. மக்களின் சேமிப்பு 200, அரசின் சேமிப்பு 0. முதலீடு 150, நிகர ஏற்றுமதி 50. கணக்கு நேராகிறது.

இப்போது வருமானம் மாறவில்லை, அரசு வரியை மட்டும் 100 குறைக்கிறது. பற்றாக்குறை 100. மக்கள் கையில் கூடுதலாக வந்த 100இல் 80ஐச் செலவழித்து 20ஐச் சேமித்தால் அவர்கள் சேமிப்பு 220, அரசினுடையது -100. தேசிய சேமிப்பு 120. குறைந்தது 80தான், 100 அல்ல. அந்த 80 எங்கே விழும்? முதலீடு 150ஆகவே நின்றால் நிகர ஏற்றுமதி -30. வட்டி ஏறி முதலீடு 110ஆகச் சுருங்கினால் நிகர ஏற்றுமதி 10. இரண்டிலும் S = I + NX பொய்க்கவில்லை. எது நடக்கும் என்று அது சொல்லவும் இல்லை. அதற்கு வட்டி, நாணய மதிப்பு, வெளிநாட்டு மூலதனம் எல்லாவற்றையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1998 முதல் 2001 வரை நடுவண் அரசின் வரவு செலவில் உபரி இருந்தது. அதே காலத்தில், வெளி வணிகத்தை உள்ளடக்கிய நடப்புக் கணக்கில் பற்றாக்குறை பெரிதாகவே இருந்தது. முதலீடு வலுவாக இருந்தது, குடும்பங்களின் சேமிப்பும் மெலிந்திருந்தது. "இரட்டை" எப்போதும் சேர்ந்தே பிறப்பதில்லை.

தமிழாசிரியர்:

அப்படியானால் "முற்றொருமை" என்பதே பொருந்தும். பள்ளிக் கணிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. "மூவேந்தரும் வந்தனர்" என்பதில் உள்ளது முற்றும்மை. ஒருவரும் மிச்சமில்லை என்பதை அந்த உம்மைதான் சொல்கிறது. எந்த மதிப்பை இட்டாலும் விலக்கின்றி நிற்பதால் முற்று. ஆனால் "ஒருமை" பன்மைக்கு எதிரான இலக்கணச் சொல் ஆயிற்றே என்று ஒரு தயக்கம். "முற்றொப்பு" என்றால் இன்னும் தெளிவு. ஒப்பு என்ற வேரிலிருந்து ஒப்பந்தம், ஒப்புமை...

இலங்கையில் படித்த ஆசிரியை:

ஐயா, வேரை அப்புறம் பார்ப்போம். நாங்கள் "சர்வசமன்பாடு" என்றே படித்தோம், கேட்டவுடன் விளங்கும். "சர்வ" வடமொழி என்பதற்காகத் தள்ள வேண்டாம். வகுப்பில் பிள்ளைக்கு விளங்குவதுதான் முக்கியம்.

வங்கி ஊழியர்:

சேமிப்பும் முதலீடும் எப்படி ஒன்றாகும் என்பதே எனக்குப் புரியவில்லை. போன மாதம் சேமித்த பணத்தில் பங்குகள் வாங்கினேன். அது இந்த I-இல் வருமா?

பொருளியல் பேராசிரியர்:

வராது. நீங்கள் வாங்கிய பங்கை இன்னொருவர் விற்றார், கை மாறியது அவ்வளவே. புதிய எந்திரம், கட்டடம், கையிருப்பில் கூடிய சரக்கு ஆகியவைதான் இங்கே முதலீடு.

மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் I-க்கு "மூலதன ஆக்கம்" என்று போடலாமா?

இதழாளர்:

அது இன்னும் கனமாக இருக்கிறது. முதலீடு என்றே விட்டு, முதல் தடவை வரும்போது ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். "சமன்பாடு" பற்றிப் பேராசிரியர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் "முற்றொருமை" என்று செய்தியில் எழுதினால் வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

தமிழாசிரியர்:

செய்திக்குக் "கணக்குப் பொருத்தம்" போதும். பாடநூலுக்கு முற்றொப்பு.

மொழிபெயர்ப்பாளர்:

இதுவரை கைதூக்கியவர்களில் நால்வர் முற்றொருமை, ஒருவர் முற்றொப்பு, ஒருவர் சர்வசமன்பாடு. முற்றொருமை என்றே அனுப்புகிறேன். பக்கத்திலேயே பேராசிரியரின் 1000 கணக்கையும், முதலீடு 150 என்றும் 110 என்றும் இரண்டு முடிவுகளோடு சேர்க்கிறேன்.

இலங்கையில் படித்த ஆசிரியை:

சேருங்கள். சொல்லட்டவணையில் சர்வசமன்பாட்டையும் போடுங்கள். நான் இன்னும் உடன்படவில்லை.