கிராஸ் ரிடென்ஷன்: ‘மொத்தத் தக்கவைப்பு’ பொருந்துமா?

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். வாடிக்கையாளர் வெற்றி மேலாளர் பணிக்கு வரும் தன்விவரக் குறிப்புகளை விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் படிப்பது எப்படி என்று ஆள்தேர்வு அலுவலர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இருக்கும் வாடிக்கையாளரிடமிருந்து வரும் வருவாயில் எவ்வளவு நிலைத்தது என்பதை அளக்கும் இரு சதவீதங்களில், நெட் ரிடென்ஷனுக்கு ‘நிகரத் தக்கவைப்பு’ என்று எழுதிவிட்டேன். கிராஸ் ரிடென்ஷனுக்கு ‘மொத்தத் தக்கவைப்பு’ என்று எழுதலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மொத்த வருமானம், நிகர வருமானம் என்னும் இணை வழக்கில் வேரூன்றியது. ‘நிகர்’ என்பதற்கு ஒப்பு என்பதே முதற்பொருள். ஈடுசெய்த பின் நிற்பது என்னும் பொருள் அதிலிருந்து கிளைத்திருக்கலாம். ஆகவே இணையை உடைக்க வேண்டாம்.

ஆள்தேர்வில் இருப்பவர்:
ஐயா, இங்கே அந்த இணை தலைகீழாக நிற்கிறது. மொத்த வருமானத்தைவிட நிகர வருமானம் குறைவு. தக்கவைப்பிலோ, கிராஸ் என்பது விட்டுப்போனதையும் குறைத்துக்கொண்டதையும் மட்டும் கழித்துக் காண்பது. அது ஒருபோதும் நூறு சதவீதத்தைத் தாண்டாது. நெட் என்பது இருக்கும் வாடிக்கையாளர் கூடுதலாக வாங்கியதையும் சேர்ப்பதால் நூறைத் தாண்டலாம். ‘மொத்தம்’ என்று கண்டவுடன் எல்லாம் சேர்ந்தது என்றே அலுவலர் எண்ணுவார்.

ஒரு மேலாளரிடம் 50 வாடிக்கையாளர், அவர்களிடமிருந்து ஆண்டுக்கு 100 அலகு வருவாய் என்று வைத்துக்கொள்வோம். இருவர் விலகினர், அவர்கள் பெரியவர்களாதலால் 12 அலகு போயிற்று. சிலர் சந்தாவைச் சுருக்கியதில் 3 அலகு குறைந்தது. வேறு சிலர் விரிவாக்கியதில் 18 அலகு கூடியது. தலைக்கணக்கில் 96 சதவீதம், கிராஸில் 85, நெட்டில் 103. ‘96 சதவீதம் தக்கவைத்தேன்’ என்றும் ‘103 சதவீதம்’ என்றும் அவர் எழுதலாம், இரண்டும் பொய்யல்ல. விளம்பரம் கேட்பது கிராஸில் 90 என்றால், இரண்டில் எதுவும் அதற்கு விடையாகாது.

பணி தேடும் உறுப்பினர்:
என் குறிப்பில் நெட் 108 என்றுதான் எழுதியிருந்தேன். விளம்பரம் 90 கேட்டும் அழைப்பு வரவில்லை. ஆங்கிலச் சொற்கள் மிகுதி என்று ஒதுக்கிவிட்டார்களோ?

ஆள்தேர்வில் இருப்பவர்:
ஒதுக்கியதன் காரணம் எனக்குத் தெரியாது, தம்பி. ஆனால் நெட்டிலிருந்து கிராஸைக் கணித்தறிய வழியில்லை. இழப்பு எவ்வளவு என்பதை விரிவாக்கம் மறைத்துவிடும். இன்னொன்று: புதுப்பிப்புப் பேச்சுவார்த்தையை நீங்களே நடத்தினீர்களா, விற்பனைப் பிரிவு நடத்த நீங்கள் துணைநின்றீர்களா? விளம்பரம் புதுப்பிப்புக்குப் பொறுப்பேற்கச் சொன்னால், அந்த ஒரு வரி சதவீதத்தைவிடக் கனமானது.

தனித்தமிழ் ஆர்வலர்:
‘எச்சவீதம்’ என்று வைப்போம். விலகியதும் குறைந்ததும் போக எஞ்சுவதே எச்சம். ஒரே சொல்லில் முடிந்தது.

தமிழாசிரியர்:
வினையெச்சமும் பெயரெச்சமும் முடிக்கும் சொல்லை வேண்டி நிற்பவை. அந்த நிழல் ‘எச்சவீத’த்திலும் விழும், இன்னும் வசூலாகாத பாக்கி என்றே படிப்பவர் கொள்வார். பறவையின் எச்சத்தை நினைப்பவரும் உண்டு.

தனித்தமிழ் ஆர்வலர்:
பறவையைச் சொல்லிச் சொல்லைக் கைவிட்டால் அகராதியில் பாதி பறந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்:
‘வளர்ச்சி நீக்கிய தக்கவைப்பு’ என்றால் நீளம்தான். ஆனால் எது சேரவில்லை என்பது சொல்லிலேயே தெரிகிறது. வாடிக்கையாளர் நிலைப்பாரா என்று காட்டும் கணக்குநலன் மதிப்பெண், புது வாடிக்கையாளருக்கான தொடக்க வழிகாட்டல் ஆகியவற்றிலும் இப்படிப்பட்ட குழி உண்டா?

ஆள்தேர்வில் இருப்பவர்:
உண்டு. ‘நலன் மதிப்பெண்ணை 62இலிருந்து 81க்கு உயர்த்தினேன்’ என்று வந்தால், நலமானவை என்று பச்சை நிறத்தில் காட்டிய வாடிக்கையாளர் கணக்குகளில் எத்தனை புதுப்பிக்காமல் போயின என்று கேட்பேன். உள்ளீடுகளின் எடையை மாற்றினாலே மதிப்பெண் உயர்ந்துவிடும். பயன்பாடு சரிந்ததை முன்கூட்டியே கண்டு எந்தக் கணக்கை எப்படி மீட்டார் என்று எழுதியவரையே நான் அழைப்பேன். தொடக்க வழிகாட்டலை 60 நாளிலிருந்து 35 ஆக்கியதாகச் சொன்னால், ஒப்பந்த நாளிலிருந்தா, முதல் கூட்டத்திலிருந்தா, முடிவு பயிற்சி நிறைவா, உண்மையான முதற்பயன்பாடா என்பதைப் பார்க்க வேண்டும்.

சொல்லைப் பொறுத்தவரை, ‘வளர்ச்சி நீக்கிய’ என்பதே எனக்கு ஏற்பு. நேர்காணலில் எல்லாரும் ‘கிராஸ்’ என்றே சொல்வார்கள் என்பதால் அதையும் அருகில் இடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
மறுப்பு பெரிதாக இல்லாததால் அவ்வாறே அச்சுக்கு அனுப்புகிறேன். அந்த 96, 85, 103 கணக்கையும் சேர்க்கிறேன்.

தனித்தமிழ் ஆர்வலர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நான்கு சொல் நீளமுள்ளது விளக்கம், கலைச்சொல் அன்று.

தமிழாசிரியர்:
மூன்று சொல், ஐயா.