3 சென்ட் மனை: கட்டுமானப் பரப்பில் 271 சதுரடி எப்படிக் கூடியது?

மனை 3 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுரடி என்பதால் சுமார் 1,307 சதுரடி வருகிறது. டேப் பிடித்து அளந்தால் 30 அடிக்கு 43.5 அடி, அது சரியாக இருக்கிறது.

வரைபடப்படி முன்னால் 5 அடி, மற்ற மூன்று பக்கமும் 3 அடி விட்டாச்சு. வெளிச்சுவர் சேர்த்து 24 x 35.5, அதாவது தளத்துக்கு 852 சதுரடி. இரண்டு தளத்துக்கு 1,704.

சதுரடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பி என்று போட்டால் 682 மூட்டை, 6.8 டன் வருகிறது. மேஸ்திரியின் தாளில் 790 மூட்டை, 7.9 டன். இரண்டையும் திருப்பி வகுத்தேன். இரண்டுமே 1,975 சதுரடியில் வந்து நிற்கின்றன. அப்போ விகிதம் ஒன்றுதான், பரப்பைத்தான் 271 கூட்டியிருக்கிறார்.

மாடிப்படி அறை 110, போர்டிகோ 60 என்று அளந்து பார்த்தேன். மீதி 101 சதுரடி தொட்டிக்கும் சுற்றுச்சுவருக்கும் என்கிறார். அடுத்த வாரம் கம்பி ஆர்டர் போட வேண்டும்.

தொட்டி, சுற்றுச்சுவரை இப்படிச் சதுரடியாக மாற்றிச் சேர்ப்பது சரியா, தனியாகக் கன அடியில் கணக்கிட வேண்டுமா?